நம்பர் கொடுத்த பிறகு

ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, காபி குடித்து முடித்த பிறகு இப்போது இன்னொரு கட்டம் வந்து சேர்ந்திருக்கிறது. "ரெண்டு பேரும் கொஞ்ச நாள் பேசிப் பார்க்கட்டும்" என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். மொட்டை மாடியில் பத்து நிமிடம் பேசிவிட்டுத் தலையாட்டிய தலைமுறையின் பிள்ளைகளுக்கு நிச்சயதார்த்தம் வரை சில வாரங்கள் அவகாசம் கிடைக்கிறது. அந்த வாரங்களில் எதைக் கவனிப்பது என்று மட்டும் வீட்டில் யாரும் சொல்லித் தருவதில்லை.

அதனால் கண்ணுக்கு எது முதலில் தெரிகிறதோ அதையே மார்க் போட எடுத்துக்கொள்கிறார்கள். காலையில் குட் மார்னிங் வருகிறதா, மெசேஜ் போட்டதும் பதில் வருகிறதா, மணிக்கணக்கில் பேச்சு ஓடுகிறதா. "ரொம்ப நாள் பழகின மாதிரி இருக்கு" என்று தோன்றிவிட்டால் முடிவே எடுத்தாகிவிட்டது.

அந்த ஒட்டுதலை எவ்வளவு நம்பலாம்? ஆர்தர் ஆரன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே உதவும். முன்பின் அறியாத இருவரை உட்காரவைத்து 36 கேள்விகளைக் கொடுத்தார்கள். முதல் கேள்விகள் மேலோட்டமானவை, போகப் போக அந்தரங்கமானவை. இருவரும் மாறி மாறிப் பதில் சொல்ல வேண்டும். சுமார் 45 நிமிடத்தில், சும்மா அரட்டை அடித்த ஜோடிகளைவிட இவர்கள் மிக நெருக்கமாக உணர்ந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் அந்நியர்களிடையே உண்டாக்கிவிடக்கூடிய உணர்வை வைத்து எதிரே இருப்பவரின் குணத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. இரவு பதினொரு மணிக்கு, நல்ல மனநிலையில், பிடித்த விஷயங்களைப் பேசும்போது கிட்டத்தட்ட எல்லோருமே நல்லவர்கள்தான்.

நான் பார்க்கச் சொல்வது வேறு இடங்களை. இந்த வாரங்களில் தானாகவே சில சின்னச் சின்ன முட்டல்கள் வரும். ஒருவர் கேட்பதற்கு மற்றவர் முடியாது என்பார். ஒரு கிண்டல் எல்லை மீறும். ஒருவருக்கு நல்ல செய்தி வரும், அது மற்றவருக்குக் கொஞ்சம் இடைஞ்சலாக இருக்கும். ஃபோனில் இவர்கள் பேசியதும் பெற்றோர்கள் பேசியதும் பொருந்தாமல் போகும். மனமுதிர்ச்சி என்று சொல்கிறோமே, அது வெளியே தெரிவது இங்கேதான்.

ஒரு கற்பனை ஜோடியை வைத்துக்கொள்வோம். பெண் மதுரையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். பையன் சென்னையில் சாஃப்ட்வேர். தினமும் இரவு ஒன்பதரைக்கு ஃபோன் என்று வழக்கமாகிவிட்டது. இரண்டாவது வாரத்தில் ஒருநாள் அவர் மெசேஜ் போடுகிறார்: "இன்னைக்கு மாசக் கடைசி, கணக்கு முடிக்கணும். பேச முடியாதுங்க."

பதில் பல விதமாக வரலாம். "சரிங்க, முடிச்சிட்டு நேரத்துக்குத் தூங்குங்க, நாளைக்குப் பேசலாம்" என்று வரலாம். "பரவால்ல, நான்தான் சாப்பிடாமக்கூட காத்திட்டு இருந்தேன்" என்று வரலாம். "ராத்திரி ஒன்பதரைக்கு அப்படி என்ன வேலை?" என்றும் வரலாம். பதிலே வராமலும் போகலாம். பிந்தைய மூன்றும் சரியில்லை என்று யாருக்கும் தெரியும். ஆனால் முதல் பதிலை மட்டும் பார்த்து மனம் குளிர்ந்துவிட வேண்டாம். "சரிங்க" என்று டைப் செய்ய யாராலும் முடியும். மறுநாள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஃபோன் வழக்கம்போல வருகிறதா, குரல் வழக்கம்போல இருக்கிறதா, "கணக்கு முடிஞ்சுதா?" என்று ஒரு வார்த்தை கேட்கிறாரா? அல்லது ஒற்றை வார்த்தைப் பதில்கள், வேண்டுமென்றே தாமதமான ரிப்ளை, "நீங்க பிஸியான ஆளாச்சே" என்ற குத்தல் ஏதாவது வருகிறதா?

ஆசையாகக் காத்திருந்தவருக்கு ஏமாற்றம் வருவது இயல்பு, அதில் குறை ஒன்றும் இல்லை. "எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாத்தான் இருக்கு, ஆனா புரியுது" என்று சொல்லிவிட்டு மறுநாள் சாதாரணமாகப் பேசுகிறவர், ஒன்றுமே தோன்றாதவர் போல நடிப்பவரைவிட ஒரு படி மேல். தன் ஏமாற்றத்தைத் தானே வைத்துக்கொண்டு ஓர் இரவைக் கழிக்கத் தெரிந்தவர் அவர். அதற்கான விலையை மற்றவரிடம் வசூலிக்கிறவரோடு வாழ்வது எப்படியிருக்கும் என்றால், நாளடைவில் நீங்கள் எதற்கும் முடியாது என்று சொல்வதையே நிறுத்திவிடுவீர்கள். யாரும் உங்களைத் தடுத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த இரண்டு நாள் கெட்டுப்போகும் என்ற பயமே போதும்.

இதே கேள்வியைத் திருப்பியும் போட்டுப் பார்க்க வேண்டும். அவர் உங்களிடம் முடியாது என்று சொல்கிறாரா? நம் ஊர்ப் பேச்சில் "உங்க இஷ்டம்தாங்க", "நீங்க எது சொன்னாலும் ஓகே" என்பவருக்கு நல்ல பையன், தங்கமான பொண்ணு என்ற பெயர் உடனே கிடைத்துவிடும். எனக்கு இதில் எப்போதும் சந்தேகம் உண்டு. எல்லாவற்றுக்கும் சரி என்பவரிடமிருந்து அவரைப் பற்றி உங்களுக்கு எந்தத் தகவலும் கிடைப்பதில்லை. அவருக்கு விருப்பமில்லாதது ஒன்று கட்டாயம் இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு அது மாமியார் வாயிலாகவோ அக்கா வாயிலாகவோ வந்து சேரும். "எனக்கு ஞாயித்துக்கிழமை காலைல ஃபோன் வேண்டாங்க, ஃப்ரெண்ட்ஸோட கிரிக்கெட் போயிடுவேன்" என்று மென்மையாகச் சொல்லத் தெரிந்தவர் கிடைத்தால் அதுவே நல்ல கிரீன் ஃபிளாக்.

மூன்றாவது வாரம். பேச்சு சகஜமாகிவிட்டது, கிண்டல் தொடங்கிவிட்டது. பெண்ணின் அக்காவுக்கு முன்பு நிச்சயம் வரை வந்து ஒரு சம்பந்தம் நின்றுபோயிருக்கிறது. பையன் விளையாட்டாக, "உங்க வீட்டுல நிச்சயம் முடிஞ்சாலும் நம்ப முடியாதே" என்கிறார். பெண் அமைதியாகிறார். "தூக்கம் வருது" என்று ஃபோனை வைத்துவிடுகிறார்.

இப்படி ஒன்று நடக்காமலே வாரங்கள் ஓடினால்தான் நான் கவலைப்படுவேன். குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த எட்வர்ட் டிரோனிக், தாயும் சேயும் முகம் பார்த்துக் கொஞ்சும் காட்சிகளை நொடி நொடியாக ஆராய்ந்தவர். நல்ல ஒட்டுதல் உள்ள தாய்-சேய் ஜோடிகளில்கூட இருவரும் ஒத்திசைந்திருப்பது மொத்த நேரத்தில் சுமார் 30 சதவீதம்தான் என்று அவர் கண்டார். மீதி நேரம் பிசகுவதும் பிசகியதைச் சரிசெய்துகொள்வதுமாகப் போகிறது. நம்பிக்கை வளர்வது அந்தச் சரிசெய்தலில் என்பது அவருடைய முடிவு. பெரியவர்களின் உறவை அப்படியே குழந்தையோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் இரண்டு வாரம் பழகிய இரண்டு பேர் பிசகாமலே இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பது மட்டும் இதிலிருந்து தெரிகிறது.

மறுநாள் பையன் பேசுகிறார். "நேத்து நான் விளையாட்டா சொன்னது, தப்பா எடுத்துக்கிட்டீங்கன்னா சாரி" என்றால், தப்பு கேட்டவர் மேல் என்று ஆகிவிட்டது. "சாரி, சாரி, நான் ஒரு முட்டாள், எனக்குப் பேசவே தெரியாது" என்று உருகினால், புண்பட்டவரே அவரைத் தேற்ற வேண்டியிருக்கும். இரண்டிலும் சாரி இருக்கிறது, அக்கா விஷயம் இல்லை. "நேத்து உங்க அக்காவை வெச்சு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அது உங்க வீட்டுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு அப்புறம்தான் தோணுச்சு. இனிமே அதைப் பத்தி விளையாட மாட்டேன்." இதில் என்ன செய்தார் என்பது இருக்கிறது, அது எங்கே வலித்திருக்கும் என்பது இருக்கிறது, உடனே மன்னித்துச் சிரிக்க வேண்டும் என்ற அவசரம் இல்லை. ஒரு மாதம் கழித்தும் அந்தக் கிண்டல் திரும்பி வரவில்லை என்றால் அந்த மன்னிப்பு உண்மை.

பெண்ணின் பக்கமும் பார்க்க வேண்டும். "தூக்கம் வருது" என்று வைத்தது ஓர் இரவுக்குச் சரி, உடனே பேசினால் கோபம் முந்திக்கொள்ளும். பையன் தானாக உணரவில்லை என்றால், மறுநாளாவது "நேத்து நீங்க அக்காவைப் பத்திச் சொன்னது எனக்குச் சங்கடமா இருந்துச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு இது வராது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "உனக்கே தெரியணும்" என்று காத்திருந்து பழகியவர்கள் நாம். சொல்லாமல் விட்டுவிட்டு, சரிசெய்யத் தெரியாதவர் என்று ஒருவருக்கு மார்க்கைக் குறைப்பது நியாயமில்லை.

நல்ல செய்தியின் விஷயம் பலர் கவனிக்காமல் விடுவது. கஷ்டத்தில் கைகொடுப்பாரா என்றுதான் எல்லோரும் யோசிக்கிறோம். ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் மறுபக்கத்தை ஆராய்ந்தார். ஒருவர் தனக்கு நடந்த நல்லதைச் சொல்லும்போது துணை எப்படி எதிர்வினை செய்கிறார்? காதலிக்கும் ஜோடிகளை ஆய்வகத்தில் பேசவைத்துப் படம்பிடித்து அவர் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், கெட்ட செய்திக்குக் காட்டிய ஆறுதலைவிட நல்ல செய்திக்குக் காட்டிய எதிர்வினையே உறவின் நலத்தோடு அதிகம் தொடர்புடையதாக இருந்தது. அவை அமெரிக்க ஜோடிகள், ஏற்கெனவே காதலில் இருப்பவர்கள். அதை மனதில் வைத்துக்கொண்டே நம் ஜோடிக்கு வருவோம்.

பெண்ணுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. சொல்கிறார். "அட, சூப்பருங்க! யார் சொன்னாங்க, மேனேஜரா? இனிமே என்ன வேலை பார்ப்பீங்க?" என்று கேட்டால், அந்தச் சந்தோஷத்துக்குள் அவரும் வந்து உட்கார்ந்துகொள்கிறார் என்று அர்த்தம். "ம், நல்லது" என்பது ஒரு விதம். "எனக்கும் அப்ரைசல் வருது, பார்ப்போம்" என்று பேச்சைத் தன் பக்கம் இழுப்பது ஒரு விதம். "அப்போ வேலைப்பளு கூடுமே, கல்யாணத்துக்கு அப்புறம் எப்படிச் சமாளிப்பீங்க?" என்பது நாலாவது விதம். இந்த நாலாவதுதான் ஏமாற்றக்கூடியது, ஏனென்றால் அது அக்கறை போலவே ஒலிக்கும். வேலைப்பளு உண்மையிலேயே பேச வேண்டிய விஷயமாக இருக்கலாம், அடுத்த வாரம் பேசலாம். நல்ல செய்தி கேட்ட அதே நிமிடத்தில் அதிலிருக்கும் ஓட்டையைக் கண்டுபிடிப்பவர், மூன்று முறையும் அப்படியே செய்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று முறை என்று நான் சொல்வது காரணமாகத்தான். ஒரு தடவை நடந்தது எதற்கும் அடையாளம் ஆகாது. அன்றைக்கு அவருக்குத் தலைவலி இருந்திருக்கலாம், அலுவலகத்தில் திட்டு வாங்கியிருக்கலாம்.

இனி, நம் ஊருக்கே உரிய சோதனை. காதலித்துப் பழகும் ஜோடிக்குப் பேச்சு ஒரே தடத்தில் போகும். வரன் பார்த்துப் பேசும் ஜோடிக்கு இரண்டு தடம். இவர்கள் இருவரும் பேசுவது ஒன்று, இரு வீட்டு அம்மாக்களும் பேசுவது மற்றொன்று. இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

பையன் ஃபோனில் சொல்லியிருக்கிறார், "கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க வேலைக்குப் போறதுல எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லைங்க." அதே வாரம் அவருடைய அம்மா பெண்ணின் அம்மாவிடம், "எங்க வீட்டுல மருமக வேலைக்குப் போய்த்தான் ஆகணும்னு இல்லைங்க, ரெண்டு மாசம் இருந்துட்டு விட்டுடலாம்" என்கிறார். பெண்ணின் அம்மா இதைச் சமையலறையில் சொல்லிவிட்டுப் போகிறார். பெண் சண்டைக்குப் போகாமல் அப்படியே கேட்கிறார்: "அத்தை இப்படிச் சொன்னாங்களாம். நீங்க வேற மாதிரி சொன்னீங்க. எது சரி?"

"அம்மா அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாங்க, உங்க அம்மா தப்பாப் புரிஞ்சிருப்பாங்க" என்று வந்தால், நாளைக்கு வீட்டில் நடக்கும் எதற்கும் இதே பதில்தான் கிடைக்கும். "அதெல்லாம் அப்புறம் நான் பார்த்துக்கிறேன், நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்பது கேட்க இதமானது, ஆனால் அவர் எதையும் பார்த்துக்கொள்ளப் போவதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம் இப்போதுதான் வந்திருக்கிறது. மூன்றாவது பதில் ஒன்று உண்டு, "எங்க அம்மா அப்படித்தான், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, கண்டுக்காதீங்க." நம் பக்கம் நிற்கிறாரே என்று பல பெண்கள் இதில் மயங்கிவிடுகிறார்கள்.

குடும்ப உளவியலில் முன்னோடியான அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரி போவன் இந்த இடத்தைப் பற்றி நிறைய யோசித்தவர். குடும்பத்தோடு ஒட்டுறவை விடாமல், அதே நேரத்தில் தன் கருத்தையும் விடாமல் நிற்க முடிவதைத்தான் அவர் ஒருவருடைய முதிர்ச்சியின் அளவுகோலாக வைத்தார். பெற்றோர் சொல்வதற்கு அப்படியே ஆடுவதும், பெற்றோரை வெட்டிவிட்டு விலகுவதும் அவர் பார்வையில் ஒரே பலவீனத்தின் இரண்டு வடிவங்கள். அம்மாவைத் தூக்கிப் போட்டுப் பேசும் பையனுக்கும் அம்மா முன்னால் வாய் திறக்காத பையனுக்கும் அதிக தூரமில்லை. பெரும்பாலும் இருவரும் ஒரே ஆள்தான்.

நல்ல பதில் கவர்ச்சியாக இருக்காது. "ஆமாங்க, அம்மாவுக்கு அந்த எண்ணம் இருக்கு. நான் இன்னும் அவங்ககிட்ட தெளிவாப் பேசலை, அது என் தப்பு. ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன், பேசிட்டுச் சொல்றேன்." திங்கட்கிழமை, கேட்காமலே அவராகச் சொல்ல வேண்டும். "பேசினேன். அப்பா சரின்னுட்டார். அம்மா இன்னும் முழுசா ஒத்துக்கலை, ஆனா என் முடிவு இதுதான்னு சொல்லிட்டேன்." விஷயம் முழுதாகத் தீர்ந்திருக்க வேண்டியதில்லை. கஷ்டமான பேச்சைத் தள்ளிப்போடாமல் பேசினார், அரைகுறையாக முடிந்ததை அரைகுறை என்றே சொன்னார். முதல் ஆறு வாரங்களில் இதைவிடப் பெரிய கிரீன் ஃபிளாக் ஒன்றைப் பார்ப்பது அரிது.

பெண்ணுக்கும் இதே சோதனை உண்டு. "எனக்குச் சென்னைக்கு வர்றதுல ஆட்சேபனை இல்லை" என்று பையனிடம் சொல்லிவிட்டு, வீட்டில் "அவரை மதுரைக்கு மாத்திக்கச் சொல்லிடலாம்" என்று திட்டம் போட்டால் இரண்டு தடமும் பொருந்தவில்லை. நகை, சீர் பேச்சிலும் இப்படித்தான். வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டு சட்டப்படி குற்றம் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும், அதனால் யாரும் நேராகக் கேட்பதில்லை. "உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதுதானே" என்றுதான் வரும். "எனக்கு எதுவும் வேண்டாங்க" என்று இரவு ஃபோனில் சொன்னவர், கூடத்தில் பெரியப்பா பவுன் கணக்கு பேசும்போதும் அதைச் சொல்கிறாரா?

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த வாரங்களால் காட்ட முடியாதவற்றையும் சொல்ல வேண்டும். கடன், குடி, பழைய நோய், வீட்டுக்குள் வரும் கோபம் எதுவும் ஃபோனில் தெரியாது. அதற்கு நேரில் கேட்க வேண்டும், நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும். விசாரிக்கும் பழைய வழக்கத்தை, பிள்ளைகள்தான் பேசிக்கொண்டிருக்கிறார்களே என்று விட்டுவிடுவது தவறு. அதேபோல, ஃபோனில் பேச வராத நல்லவர்கள் ஏராளம். கூச்சத்தை முதிர்ச்சியின்மை என்று எழுதிவிடாதீர்கள். அப்படிப்பட்டவரை ஒரு தடவை நேரில் பாருங்கள், கூட்டமான ஓட்டலில் டேபிளுக்குக் காத்திருந்து, சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்று சர்வர் சொதப்பும் மதிய வேளையாக இருந்தால் இன்னும் நல்லது.

சரியில்லை என்று பட்டால் வீட்டில் எப்படிச் சொல்வது என்பது கடைசிச் சிக்கல். "பிடிக்கலைப்பா" என்றால் நிற்காது. பையனுக்கு என்ன குறை, நல்ல வேலை, நல்ல குடும்பம் என்று ஆரம்பித்து, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு என்பதில் முடிப்பார்கள். "எமோஷனல் மெச்சூரிட்டி இல்லை" என்றால் அப்பாவுக்குப் புரியாது, புரிந்தாலும் கல்யாணமானால் வந்துவிடும் என்பார். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "வேலை இருக்கு, இன்னைக்குப் பேச முடியாதுன்னு மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் ரெண்டு நாள் பேசாம இருந்து, கடைசியில நான்தான் மன்னிப்புக் கேட்டேன். வேலைக்குப் போறதைப் பத்தி என்கிட்ட ஒண்ணு சொன்னார், அவங்க அம்மா உங்ககிட்ட வேற சொன்னாங்க, கேட்டதுக்கு நம்ம அம்மாவைத்தான் பொய் சொல்றாங்கன்னார்." இதைக் கேட்ட பிறகும் மண்டபத்து அட்வான்ஸைப் பற்றிப் பேசும் அப்பாக்கள் இருக்கலாம். ஆனால் அம்மா, தன்னைப் பற்றிச் சொன்ன இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். மீதியை அவரே பேசிக்கொள்வார்.